அத்தியாயம் 7: கறவை மாட்டுக் காப்பீடு – காதுவில்லை முதல் இழப்பீடு வரை

இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு மாடு செத்தால் பாதி வருமானம் போய்விடும். காப்பீடு எடுத்திருந்தும் பணம் வராமல் போகிறவர்கள் பலர். அவர்களிடம் காகிதத்தை வாங்கிப் பார்த்தால் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்பத் தெரியும். செத்த மாடும் காப்பீடு செய்த மாடும் ஒன்றுதான் என்பதை நிரூபிக்க முடியவில்லை. காதில் உள்ள எண், மருத்துவர் சான்றில் உள்ள எண், பாலிசியில் உள்ள எண், பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உள்ள எண் ஆகிய நான்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த நான்கையும் ஒன்றாக வைத்திருப்பது எப்படி என்பதைப் பற்றியதுதான்.

எந்த மாட்டுக்கு, எவ்வளவு செலவில்

தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் மானியத்தோடு காப்பீடு கிடைக்கிறது. 2024-ல் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவுப்படி, பிரீமியத்தில் 15 சதவீதம் விவசாயி கட்ட வேண்டும். மிச்சத்தை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பிரித்துக்கொள்கின்றன. மாநிலத்துக்கு ஒதுக்கிய எண்ணிக்கை முடிந்துவிட்டால் அந்த ஆண்டு மானியம் கிடைக்காது. அதனால் நிதியாண்டின் தொடக்கத்திலேயே உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டாம் ஈற்று ஜெர்சி கலப்பினப் பசு, மதிப்பு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு பிரீமியம் 4 சதவீதம் என்றால் மொத்தம் 2,400 ரூபாய். அதில் உங்கள் பங்கு 360 ரூபாய். இந்த 4 சதவீதம் கணக்குக்காக எடுத்துக்கொண்டதுதான். உண்மையான விகிதம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், மூன்றாண்டுக்கு எடுத்தால் ஆண்டுக்கு விழும் தொகை குறையும். அதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதுவாகக் கறவைப் பசுவுக்கு இரண்டு வயது முதல் பத்து வயது வரை, எருமைக்கு மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரை காப்பீடு கிடைக்கும். வயதை மருத்துவர் பல் பார்த்துத்தான் சொல்வார். பல் தேய்ந்த மாட்டை இளம் மாடு என்று எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். செத்த பிறகும் அதே பல் அந்த வாயில்தான் இருக்கும், பிரேதப் பரிசோதனை செய்பவர் அதைப் பார்ப்பார்.

முதல் வேலை: காதுவில்லை

இப்போது பெரும்பாலான மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடும்போதே 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லை போட்டுவிடுகிறார்கள். அந்த எண் பாரத் பசுதன் என்ற தேசியப் பதிவில் ஏறிவிடுகிறது. உங்கள் மாட்டுக்கு அது ஏற்கனவே இருந்தால் அதே எண்ணில் காப்பீடு எடுப்பதுதான் நல்லது. ஒரே மாட்டின் காதில் இரண்டு எண் தொங்கினால், எந்த எண் எந்தத் தாளில் இருக்கிறது என்ற குழப்பம் பின்னால் வரும்.

சந்தையில் வாங்கிய மாட்டில் பழைய வில்லை இருந்தால் அதை வெட்டி எறிய வேண்டாம். மருந்தகத்துக்கு ஓட்டிச் சென்று, பதிவில் உரிமையாளர் பெயரை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். விற்றவரின் பெயரில் அந்த மாட்டுக்குப் பாலிசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், மீதிக் காலத்துக்கு அதையும் உங்கள் பெயருக்கு மாற்ற முடியும். இருவரும் சேர்ந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பாலிசியில் பெயர் ஒருவருடையதாகவும் மாடு இன்னொருவருடையதாகவும் இருக்கும். இழப்பீடு நின்றுபோக அதுவே போதும்.

புதிதாக வில்லை போட வேண்டியிருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

1. மாட்டைத் தூணில் நெருக்கிக் கட்டுங்கள். தலையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். வில்லை போடும் நொடியில் மாடு தலையை உதறும். கயிறு தளர்வாக இருந்தால் காது கிழியும், கொம்பு உங்கள் மேல் படும்.
2. காதின் நடுப்பகுதியில், தடித்து ஓடும் இரண்டு நரம்புகளுக்கு இடையே மெல்லிய இடமாகப் பார்த்து வில்லை போட வேண்டும். நுனிக்குப் பக்கம் போட்டால் வேலியில் மாட்டிக் கிழிந்து விழும். நரம்பின் மேல் போட்டால் இரத்தம் நிற்காது.
3. போடும் முன் காதையும் கருவியின் ஊசியையும் கிருமிநாசினியால் துடைக்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு புண் மேல் வேப்பெண்ணெய் தடவி ஈ அண்டாமல் பாருங்கள்.
4. ஒரு வாரம், பத்து நாள் தினமும் காதைப் பாருங்கள். வீக்கம், சீழ், நாற்றம் இருந்தால் உடனே மருந்தகத்துக்குப் போங்கள். புண்ணில் புழு வைத்தால் வில்லை தானாகவே கழன்றுவிடும். மழைக்காலத்தில் இது அதிகம்.
5. அன்றே மூன்று புகைப்படம் எடுங்கள். மாட்டோடு நீங்கள் நிற்கும் படம் ஒன்று, மாட்டின் பக்கவாட்டு முழுப்படம் ஒன்று, எண் தெளிவாகப் படிக்க முடிகிற அளவுக்கு வில்லையின் படம் ஒன்று.

வில்லை விழுந்துவிட்டால்

மூங்கில் தட்டியில் உரசியோ, பக்கத்து மாடு கடித்தோ வில்லை விழலாம். விழுந்த வில்லை கிடைத்தால் எடுத்து வையுங்கள். கிடைக்காவிட்டாலும் அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மருத்துவர் முன்னிலையில் புது வில்லை போட்டு, அந்தப் புது எண்ணைப் பாலிசியில் சேர்த்ததற்கான மேலெழுத்துத் தாளைக் கையில் வாங்குங்கள். புது வில்லை போட்டதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் இதில் நடக்கிற பெரிய தவறு. காதில் புது எண்ணும் பாலிசியில் பழைய எண்ணும் இருந்தால், நிறுவனத்தின் பார்வையில் அது காப்பீடு இல்லாத மாடு. ‘வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை’ என்ற நிபந்தனை பெரும்பாலான பாலிசிகளில் அச்சாகியே இருக்கும்.

மருத்துவர் சான்றிதழ்: வரி வரியாகப் படியுங்கள்

காப்பீட்டுக்கு முன் கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்த்து உடல்நலச் சான்றும் மதிப்பும் தருகிறார். மானியத் திட்டத்தில் மதிப்பை விவசாயி, மருத்துவர், நிறுவனத்தின் ஆள் மூவரும் கூடி முடிவு செய்ய வேண்டும். நீங்களும் அந்த மூவரில் ஒருவர். சொன்ன தொகைக்குத் தலையாட்டிவிட்டு வர வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கறக்கிறது என்பதை வைத்து விலை போடுவது வழக்கம் என்பதால், பால் சங்கத்தில் பால் ஊற்றுகிற அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

மதிப்பை ஏற்றிப் போட்டுக்கொண்டால் லாபம் என்று சிலர் நினைக்கிறார்கள். காப்பீட்டுத் தொகை, நோய்க்கு முன் மாட்டுக்கு இருந்த சந்தை விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் நிறுவனம் தரும் என்பது பொதுவான நிபந்தனை. 40,000 பெறும் மாட்டுக்கு 60,000 என்று எழுதினால் 60,000-க்குப் பிரீமியம் கட்டுவீர்கள், 40,000-தான் வாங்குவீர்கள்.

சான்று கைக்கு வந்ததும், மருத்துவர் கிளம்பும் முன்பே, கொட்டகையிலேயே நின்று இவற்றைச் சரிபாருங்கள்.

1. வில்லை எண். பன்னிரண்டு இலக்கத்தையும் நான்கு நான்காகப் பிரித்து, ஒருவர் காதைப் பார்த்துப் படிக்க, இன்னொருவர் தாளைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். 7083 என்பது 7038 ஆவது மிகச் சாதாரணமாக நடக்கும். சேறு படிந்த வில்லையைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.
2. நிறமும் அடையாளமும். ‘கருப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. நெற்றியில் வெள்ளைச் சுழி, வால் குஞ்சம் வெள்ளை, வலது முன்னங்காலில் வெள்ளை என்று விரிவாக எழுதச் சொல்லுங்கள். வில்லை விழுந்த நேரத்தில் மாடு செத்தால் உங்களுக்குத் துணையாக இருப்பது இந்த வரிகள்தான்.
3. கொம்பின் வடிவம். பிறகு கொம்பு ஒடிந்தாலோ சுட்டாலோ நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.
4. வயது, ஈற்று, கறவை அளவு.
5. போட்ட தடுப்பூசிகளும் தேதியும். கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான், அடைப்பான் போன்றவற்றால் மாடு இறந்தால், தடுப்பூசி போட்டதற்கான சான்று இருந்தால்தான் பல பாலிசிகளில் இழப்பீடு. ஊரில் முகாம் போட்ட அன்று மாடு மேய்ச்சலில் இருந்தது என்றால், அடுத்த நாளே மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பு: வங்கிக் கடனில் வாங்கிய மாடு என்றால் பாலிசி வங்கியிலேயே தங்கிவிடும். பல வீடுகளில் அதை யாரும் கண்ணால் பார்த்ததே இல்லை. மேலாளரிடம் கேட்டு ஒரு நகல் எடுத்து, எண்ணும் கெடு தேதியும் சரியா என்று பாருங்கள். கடன் பாக்கி இருந்தால் இழப்பீடு முதலில் கடனுக்குத்தான் போகும்.

பாலிசி தொடங்கிய முதல் 15 நாள்

விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. நோய்க்குப் பொதுவாக 15 நாள் காத்திருக்க வேண்டும். ஜூன் 5-ல் பாலிசி தொடங்கி ஜூன் 12-ல் மாட்டுக்கு நோய் கண்டால் அந்தச் சாவுக்குப் பணம் கிடைக்காது. கெடு முடியும் முன் புதுப்பித்துவிட்டால் இந்தக் காத்திருப்பு மறுபடி வராது. ஒரு வாரம் தாமதித்துப் புதுப்பித்தால் மாடு புதிதாகச் சேர்ந்த மாடாகிவிடும், மருத்துவச் சான்றும் மறுபடி வேண்டியிருக்கும். கெடு தேதியை மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் சரிதான், மறக்காமல் இருக்க வேண்டும்.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

நோய், அறுவை சிகிச்சை, தீ, மின்னல், வெள்ளம், புயல், மற்ற விபத்துகளால் நேரும் சாவு பாலிசிக்குள் வரும். மாடு திருட்டுப் போனாலோ காணாமல் போனாலோ வராது. வேண்டுமென்றே காயப்படுத்தியது, கவனிக்காமல் விட்டது, அறுப்புக்குக் கொடுத்தது ஆகியவையும் வராது.

தேர்ச்சி இல்லாதவரின் வைத்தியத்தால் நேர்ந்த சாவும் விலக்குதான். சிறு பண்ணையாளர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். இரவில் மாடு உப்பிக் கிடக்கும்போது ஊரில் ஊசி போடுகிறவரைக் கூப்பிடுவது இயல்பு. ஆனால் அவர் எந்தச் சீட்டும் தரமாட்டார். பிறகு, ‘நோய் கண்ட மாட்டுக்கு முறையான வைத்தியம் செய்தீர்களா’ என்ற கேள்விக்குக் காட்ட எதுவும் இருக்காது. மாட்டுக்கு நோய் என்றால் முதலில் மருந்தகம், இல்லாவிட்டால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி. ஒவ்வொரு முறையும் மாட்டின் வில்லை எண்ணோடு சிகிச்சைச் சீட்டு எழுதி வாங்குங்கள். நோய் கடுமையாக இருந்தால் நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பல பாலிசிகள் சாவை மட்டுமல்ல, நோயையும் உடனே தெரிவிக்கச் சொல்கின்றன.

நிரந்தர முழு ஊனம் என்ற பாதுகாப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கலாம். மாடு சாகாமல், இனி ஒருபோதும் கறக்காது என்ற நிலைக்கு வந்தால் காப்பீட்டுத் தொகையில் 75 சதவீதம் வரை தருவது வழக்கம். 60,000-க்கு அது 45,000. மடிநோயில் ஒரு காம்பு போனது இதில் வராது. தற்காலிகமாகப் பால் மறத்ததும் வராது. சிகிச்சை செய்தும் பலனில்லை என்று மருத்துவர் எழுத வேண்டும், நிறுவனமும் மாட்டைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் மாட்டை விற்றுவிட்டால் கோரிக்கை அதோடு முடிந்தது.

மாடு செத்த அன்று: வரிசை மாறாமல்

உங்கள் பசு கன்று ஈன்ற இரண்டாம் நாள் இரவு படுத்தது, எழவில்லை. மருத்துவர் வந்து பால்காய்ச்சல் என்று சொல்லி, நரம்பில் கால்சியம் ஏற்றிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். விடிகாலை நான்கு மணிக்கு மாடு இறந்துவிட்டது. இனி என்ன செய்வது?

1. உடலைத் தொடுவதற்கு முன் பாருங்கள். மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து உறையாத கறுத்த இரத்தம் வடிகிறதா? நோய் அறிகுறியே இல்லாமல் திடீரென்று செத்ததா? அப்படியானால் அது அடைப்பானாக இருக்கலாம். உடலை அறுக்கக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது, காதையும் வெட்டக் கூடாது. இரத்தம் காற்றுப் பட்டதும் கிருமி வித்துகளாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் இருக்கும், மனிதருக்கும் தொற்றும். நாய், காக்கை அண்டாமல் காவல் வைத்துவிட்டு மருத்துவரிடம் சந்தேகத்தை முதலிலேயே சொல்லுங்கள். அவர் துளி இரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு, அறுக்காமலே சான்று எழுதுவார். வில்லையை எப்படி எடுப்பது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். நம் எடுத்துக்காட்டு மாட்டில் இந்த அறிகுறி எதுவும் இல்லை.
2. நிறுவனத்துக்குத் தகவல். பாலிசியில் உள்ள எண்ணுக்கு விடிந்ததும் அழையுங்கள், பதிவு எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதோடு நிற்காமல் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். பாலிசி எண், வில்லை எண், செத்த நேரம், இடம் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். பேசியதற்குச் சாட்சி கிடையாது, எழுதியதற்கு உண்டு.
3. மருத்துவருக்குத் தகவல். நம் வெயிலில் உடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். அழுகிய உடலில் சாவின் காரணம் தெரியாது. நிழல் போட்டு, இடத்தை விட்டு நகர்த்தாமல் வையுங்கள்.
4. படங்கள். இரு பக்கமும் முழு உடல், முகம், காதோடு வில்லை, எண் மட்டும் பெரிதாக, உடலருகே நீங்கள். கைப்பேசியில் தேதியும் நேரமும் பதிவாகும்படி வையுங்கள்.
5. நிறுவனத்தின் ஆள் வருவாரா என்று கேளுங்கள். எத்தனை மணிக்குள் வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வர முடியாது என்றால் பிரேதப் பரிசோதனையை நடத்தலாம் என்று குறுஞ்செய்தியிலாவது சொல்லட்டும். ஆள் வரும் முன் புதைத்துவிட்டீர்கள் என்று பிறகு சொல்ல இடம் கொடுக்க வேண்டாம்.
6. பிரேதப் பரிசோதனை. அறிக்கையில் வில்லை எண், நிறம், அடையாளம், சாவின் காரணம், நேரம் எல்லாம் இருக்க வேண்டும். சிகிச்சைச் சீட்டில் பால்காய்ச்சல் என்றும் அறிக்கையில் வேறொன்றும் இருந்தால் அங்கேயே விளக்கம் கேளுங்கள். பிரேதப் பரிசோதனையில் புதிதாக ஏதாவது தெரிந்திருக்கலாம், அப்படியென்றால் அதையும் அவர் எழுதட்டும்.
7. வில்லையை எடுப்பது. மருத்துவர் முன்னிலையில் மட்டும். எடுத்ததை உறையில் போட்டு, படம் எடுத்து, நிறுவனத்திடம் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.
8. புதைத்தல். கிணறு, ஓடை, மேய்ச்சல் நிலம் இவற்றிலிருந்து விலகி ஆறடி ஆழக் குழி, உடலுக்கு மேலும் கீழும் சுண்ணாம்பு. செத்த மாட்டை வாங்கிப் போகிறேன் என்று வருகிறவருக்குக் கொடுக்க வேண்டாம்.

மின்சாரம் தாக்கியோ வாகனம் மோதியோ செத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். மின்னல், வெள்ளம், புயல் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லுங்கள். இயற்கைச் சீற்றத்தில் சாகும் கறவை மாட்டுக்கு அரசு நிவாரணம் தனியாக உண்டு.

காகிதம் கொடுத்த பிறகு

மானியத் திட்டத்தின் விதிமுறையில் கேட்கும் ஆவணங்கள் நான்குதான்: நிறுவனத்துக்குக் கொடுத்த தகவல், பாலிசி, நிரப்பிய கோரிக்கைப் படிவம், பிரேதப் பரிசோதனை அறிக்கை. இவற்றோடு வில்லை, படங்கள், சிகிச்சைச் சீட்டுகள், தடுப்பூசிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தக நகல் ஆகியவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டு அலைய விடுவதற்கு இடம் இருக்காது. எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் எழுதி, அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் தொகை தர வேண்டும் என்பது திட்ட விதி. முத்திரைத் தேதி இல்லாவிட்டால் அந்த 15 நாள் எங்கே தொடங்கியது என்று காட்ட முடியாது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னதை ஏற்க வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் திறந்திருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்பது பாலிசி நகல், மறுப்புக் கடிதம், வில்லையோடு எடுத்த படம் ஆகியவற்றைத்தான். மூன்றையும் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் அச்செடுத்து ஒரு கோப்பில் போடுங்கள்.